பெரியம்மா வீட்டு ஆல்பமும் ஒரு சின்ன ஸ்கேனரும்

ஊருக்குப் போகும் பலர் பழைய ஆல்பத்தைக் கண்டதும் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் மின்விளக்கின் வெளிச்சம் படத்தின் நடுவில் வெள்ளையாக அடித்திருக்கும், படம் சரிந்திருக்கும், தாத்தாவின் முகம் தெரியாது. ஆல்பத்தையே வாங்கிக்கொண்டு வரலாம் என்றால் பெரியம்மா தரமாட்டார், தரவும் கூடாது. 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு எல்லோரும் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது உடுப்புகளை விட்டுவிட்டு அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் அவர். ஆகவே ஸ்கேனர்தான் ஆல்பத்திடம் போகவேண்டும்.

நான் கொண்டுபோனது யூஎஸ்பி வயரிலேயே மின்சாரம் எடுக்கும் மெல்லிய ஏ4 ஸ்கேனர். கனொன் LiDE வகை என்று சொன்னால் தெரியும், இரண்டு கிலோ கூட வராது. கரண்ட் நின்றாலும் மடிக்கணினியின் பட்டரியில் ஓடும். டிரைவரை இங்கேயே நிறுவி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள், அங்கே போய்த் தரவிறக்க உட்கார்ந்தால் ஒரு பின்னேரம் போய்விடும்.

சரி, இனி விஷயம். எங்கள் ஆல்பத்தின் கறுப்புப் பக்கம் ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு படங்கள் பசை போட்டு ஒட்டியிருந்தன. கழற்றினால் கிழியும். முழுப் பக்கத்தையும் ஒரேயடியாக உயர்ந்த தரத்தில் எடுத்துவிட்டுப் பிறகு வெட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏ4 அளவை வண்ணத்தில் 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், எடுத்தால் சுருக்காத கோப்பு 100 எம்பியைத் தாண்டும், 1200 என்றால் 400 எம்பிக்கு மேல், அதில் பாதிக்கு மேல் வெறும் கறுப்பு மட்டை. மடிக்கணினி திணறிவிட்டது. தேவையான படத்தை மட்டும் முன்பார்வையில் பெட்டி போட்டு எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை, ஒவ்வொரு படத்துக்கும் வேறு வேறு டிபிஐயும் கொடுக்கலாம்.

விண்டோஸில் இருக்கும் Windows Fax and Scan போதும். New Scan என்பதை அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் Preview or scan images as separate files என்று ஒரு வரி இருக்கும், அதில் அடையாளம் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் படங்களைத் தானே பிரிக்கப் பார்க்கும். வெள்ளைத் தாளில் தனித்தனியாகக் கிடக்கும் படங்களுக்கு அது சரி, கறுப்பு மட்டையில் ஒட்டிய, ஓரம் மங்கிய படத்தில் விளிம்பைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் ஆளின் தோளோடு வெட்டிவிடும். பிறகு Preview அழுத்துங்கள். பக்கம் முழுவதும் திரையில் வரும், அதைச் சுற்றி ஒரு புள்ளிக்கோட்டுப் பெட்டி இருக்கும். மூலைகளைப் பிடித்து இழுத்து உங்களுக்கு வேண்டிய படத்தைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். மக்கில் Image Capture செயலியிலும் இதேபோல முன்பார்வையின் மேல் பெட்டி இழுக்கலாம்.

பெட்டியைப் படத்தின் விளிம்போடு ஒட்டவேண்டாம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே விடுங்கள். அந்தக் காலப் படங்களின் வெள்ளை ஓரத்தில்தான் ஸ்டூடியோவின் முத்திரையும், சிலவேளை பேனாவால் எழுதிய ஆண்டும் இருக்கும். அதற்காக அதிகமாகவும் விடவேண்டாம். வெளிச்சத்தைத் தானே சரிசெய்யும் மென்பொருள்கள் பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்துத்தான் கணக்குப் போடும், உள்ளே கறுப்பு மட்டை நிறைய வந்தால் முகங்களை வெளிறச் செய்துவிடும்.

முன்பார்வை வேகத்துக்காகக் குறைந்த தரத்தில் எடுக்கப்படுவது. அதில் படம் மங்கலாகத் தெரிகிறதே என்று பதறவேண்டாம், நீங்கள் டிபிஐ எண்ணை மாற்றினாலும் முன்பார்வை அப்படியேதான் இருக்கும்.

இப்போது டிபிஐ. ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளி எடுப்பது என்பதுதான் அது, வேறு மந்திரம் இல்லை. பிறகு அச்சடிக்கும்போது அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் நன்றாக இருக்கும், ஆகவே எத்தனை மடங்கு பெருப்பிக்கப் போகிறீர்களோ அதை 300ஆல் பெருக்குங்கள். எங்கள் ஆல்பத்தில் கலியாணக் குழுப்படம் மூன்றரைக்கு ஐந்து அங்குலம். அதை இரண்டு மடங்காக்கிச் சுவரில் மாட்ட நினைத்தேன், எனவே Resolution (DPI) என்ற இடத்தில் 600 கொடுத்தேன், 2100க்கு 3000 புள்ளி வந்தது. அதே பக்கத்தில் அம்மப்பாவின் அடையாள அட்டை அளவுப் படம், ஒன்றரை அங்குலம்கூட அகலம் இல்லை. அவர் தனியாக நிற்கும் படம் அது ஒன்றுதான். அதற்கு மட்டும் பெட்டியை நகர்த்தி 1200 கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் தாளில் அச்சான பழைய படத்தில் 600க்கு மேல் புதிதாகக் கிடைக்கும் விவரம் குறைவு, அதற்குப் பிறகு கூர்மையாக வருவது பெரும்பாலும் தாளின் சொரசொரப்புத்தான். ஸ்கேனர் வந்த அட்டைப்பெட்டியில் 9600, 19200 என்று போட்டிருப்பதை நம்பி அந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கருவி உண்மையில் பார்ப்பது அவ்வளவு இல்லை, மிச்சத்தை மென்பொருள் இட்டு நிரப்புகிறது.

எடுத்த பிறகும் முன்பார்வை திரையில் நிற்கும் மென்பொருள் என்றால், ஒருமுறை முன்பார்வை எடுத்து அந்தப் பக்கத்தின் நாலு படத்தையும் பெட்டியை நகர்த்தி நகர்த்தி எடுத்துவிடலாம், ஆனால் இடையில் ஆல்பம் அசையக்கூடாது. எனக்கு நடந்தது இதுதான்: இரண்டு படம் எடுத்தேன், பெரியம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார், மேசையில் இடம் விட ஆல்பத்தைக் கொஞ்சம் தள்ளினேன். திரையில் பழைய முன்பார்வையே நின்றதால் கவனிக்காமல் மூன்றாவதை எடுத்தேன், சித்தப்பாவின் பாதித் தலை இல்லை. ஆல்பத்தில் கை பட்டால் மறுபடி Preview, யோசிக்கவே வேண்டாம்.

மற்றது, இந்த மெல்லிய ஸ்கேனர்கள் கண்ணாடியில் ஒட்டிக் கிடப்பதைத்தான் கூர்மையாகப் பார்க்கும். ஒரு இரண்டு மில்லிமீட்டர் எழும்பினாலே மங்கல். தடித்த ஆல்பத்தின் மறுபாதி கீழே தொங்கினால் முதுகுப் பக்கம் மேலே எழும்பும். அந்தப் பக்கத்துக்கு ஸ்கேனரின் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கினேன், மூடியைத் திறந்தபடி விட்டு மேலே கறுப்புச் சால்வை போட்டு, உள்ளங்கையால் மெதுவாக அமர்த்திப் பிடித்தேன். எடுத்த கோப்பைத் திறந்து முழு அளவில் கண்களைப் பாருங்கள். படத்தின் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் பஞ்சுபோலவும் இருந்தால் எழும்பியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது டிபிஐயைக் கூட்டிப் பயனில்லை, அமர்த்திப் பிடித்துத் திரும்ப எடுக்கவேண்டியதுதான்.

File type என்ற இடத்தில் TIFF கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பப் பிறகு சின்ன JPG செய்துகொள்ளலாம். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது பெரியம்மாவைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள், குழுப்படத்தில் இடமிருந்து மூன்றாவது ஆள் யார் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். எல்லாம் முடிந்ததும் ஒரு பென்ட்ரைவில் பிரதி எடுத்து அதை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.