ஹிஸ்டோகிராம் படத்தை மட்டும் வைத்து சராசரியா, இடைநிலையா என்று முடிவு செய்வது எப்படி?

புள்ளியியல் படிக்கத் தொடங்கும் பலருக்கும் கைக்கு முதலில் கிடைப்பது தரவு இல்லை, ஒரு படம்தான். யாரோ போனில் எடுத்து அனுப்பிய ஹிஸ்டோகிராம் போட்டோ. பள்ளிப் பாடப்புத்தகத்தில் இதை நிகழ்வுச் செவ்வகம் என்று படித்திருப்பீர்கள். எண்கள் கையில் இல்லாமலேயே அந்தப் படத்திலிருந்து மையம், பரவல், பட்டைகள் ஒரு பக்கமாக இழுபட்டு நீள்வதைக் குறிக்கும் கோட்டம் மூன்றையும் ஓரளவு நன்றாகவே எடுத்துவிடலாம். சில படங்களில் அது முடியாது. எந்தப் படத்தில் முடியாது என்று கண்டுபிடிப்பதையும் இங்கே பார்ப்போம்.

உதாரணத்துக்கு டைட்டானிக் பயணிகளின் தரவை எடுத்துக்கொள்கிறேன். 1912இல் மூழ்கிய அந்தக் கப்பலின் 891 பயணிகளைப் பற்றிய ஒரு கோப்பு, தரவு அறிவியல் பயிலும் பலரிடமும் இருக்கும். அதில் வயது, கட்டணம் என்ற இரண்டு பத்திகளுக்கும் பத்துப் பத்து பட்டைகளாக வரைந்த இரண்டு படங்களைப் படிக்கப் போகிறோம்.

படி 1: முதலில் அச்சுகளைப் பாருங்கள்

பட்டையின் வடிவத்தைப் பார்க்கும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். கிடையச்சில் எண்கள் வரிசையாக ஓடுகின்றனவா? "சென்னை, மதுரை, கோவை" என்பதுபோல் பெயர்கள் இருந்தால் அது ஹிஸ்டோகிராமே இல்லை. அங்கே கோட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நிலையச்சு பூஜ்ஜியத்தில் தொடங்குகிறதா, போட்டோவில் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டைகளின் அகலம் எல்லாம் சமமாக இருந்தால்தான் உயரத்தை நேரடியாக எண்ணிக்கையாக எடுக்கலாம்.

போட்டோ சாய்ந்திருந்தால் போனில் நேராக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தாளின் விளிம்பைப் பட்டையின் உச்சியில் வைத்து, இடப்பக்க அளவுகோல் வரை கொண்டுபோய் உயரத்தைப் படியுங்கள். ஐந்து, பத்து தவறினால் ஒன்றும் கெட்டுவிடாது.

படி 2: உயரங்களை எழுதி, கூட்டிக்கொண்டே போங்கள்

வயதுப் படத்தில் ஒவ்வொரு பட்டையும் ஏறத்தாழ 8 வயது அகலம். கண்ணால் படித்தால் உயரங்கள் இப்படி வரும்: 55, 45, 175, 170, 120, 70, 45, 25, 10, 2. மொத்தம் 717. (உண்மையில் வயது பதிவானவர்கள் 714 பேர். கண்ணளவுக்கு இது போதும்.)

இப்போது இடமிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள்: 55, 100, 275, 445, 565 என்று ஏறும். வயது வரிசையில் சரிபாதியில் நிற்பவர் 358ஆவது ஆள்; அவருடைய வயதுதான் இடைநிலை. மூன்று பட்டை முடியும்போது 275 பேர், நான்காவது முடியும்போது 445 பேர். ஆக அவர் நான்காவது பட்டைக்குள், அதாவது 24க்கும் 32க்கும் இடையில் இருக்கிறார். அந்தப் பட்டையில் 170 பேர். நமக்கு வேண்டியது 83ஆவது ஆள், கிட்டத்தட்ட நடுவில். எனவே இடைநிலை 28. கோப்பைத் திறந்து கணக்கிட்டாலும் 28தான் வருகிறது.

படி 3: பரவல்

அதே கூட்டலை வைத்துக் கால்பங்கையும் முக்கால்பங்கையும் பிடியுங்கள். 179ஆவது ஆள் மூன்றாவது பட்டையில், ஏறத்தாழ 20 வயது. 538ஆவது ஆள் ஐந்தாவது பட்டையில், ஏறத்தாழ 38. நடுவில் உள்ள பாதிப் பேர் 20க்கும் 38க்கும் இடையில், 18 வருட அகலத்தில் இருக்கிறார்கள். குறைந்த வயதிலிருந்து அதிக வயதுவரை அப்படியே வீச்சாகச் சொல்வதைவிட இது நல்லது. ஏனென்றால் கடைசிப் பட்டையின் இரண்டு பேர்தான் அந்த வீச்சை 80 வரை இழுத்திருக்கிறார்கள்.

படி 4: வால் எந்தப் பக்கம்?

புதிதாகக் கற்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பட்டைகள் இடப்பக்கம் குவிந்திருப்பதைப் பார்த்து "இடக்கோட்டம்" என்று எழுதிவிடுவார்கள். கோட்டத்துக்குப் பெயர் வைப்பது குவியலை வைத்து அல்ல, வாலை வைத்து. வயதுப் படத்தில் உச்சிக்கு வலப்புறம் 120, 70, 45, 25, 10, 2 என்று வால் மெதுவாக இறங்குகிறது. இது வலக்கோட்டம். இடது ஓரத்தில் 55 என்று ஒரு சின்ன மேடும் இருக்கிறது. அது பெற்றோருடன் வந்த குழந்தைகள். அதை வால் என்று நினைக்காதீர்கள்.

வால் போகும் பக்கம் சராசரி இழுபடும். எவ்வளவு என்று பார்க்க, ஒவ்வொரு பட்டையின் நடுப்புள்ளியையும் (4, 12, 20...) உயரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 717ஆல் வகுங்கள். 29.4 வரும். உண்மைச் சராசரி 29.7.

இடைநிலை 28, சராசரி 29.4. இடைவெளி ஒன்றரை வருடம். நடுப்பாதியின் அகலமோ 18 வருடம். இழுவை இருக்கிறது, ஆனால் அற்பம். இங்கே சராசரியைச் சொன்னாலும் யாரையும் தவறாக வழிநடத்தாது. லேசான கோட்டத்தைக் கண்டதும் "இடைநிலைதான் சரி" என்று அடம்பிடிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

இப்போது கட்டணம்

அடுத்த படம் வேறு மாதிரி. ஒவ்வொரு பட்டையும் ஏறத்தாழ 51 பவுண்டு அகலம். உயரங்கள்: 730, 105, 30, 2, 11, 6, பிறகு மூன்று வெற்றிடங்கள், கடைசியில் 3. முதல் பட்டை ஒரு கோபுரம், மற்றதெல்லாம் தரையோடு தரை. கடைசிப் பட்டை போட்டோவில் ஒரு கோடுபோலத்தான் தெரியும், பெரிதாக்கிப் பாருங்கள். அந்த மூன்று பேரின் கட்டணம் 512 பவுண்டு.

கடுமையான வலக்கோட்டம், சரி. ஆனால் முன்பு செய்த அதே கணக்கை இங்கே செய்தால் இடைநிலை 31 என்றும், சராசரி 41 என்றும் வரும். உண்மை என்ன தெரியுமா? இடைநிலை 14.45, சராசரி 32.2. இரண்டுமே பெரிய தவறு.

காரணம், பட்டைக்குள் ஆட்கள் சமமாகப் பரவியிருக்கிறார்கள் என்று நாம் வைத்துக்கொண்ட அனுமானம். வயதில் அது ஏறக்குறைய உண்மை. கட்டணத்தில் முதல் பட்டைக்குள்ளேயே ஏராளமானோர் 7, 8 பவுண்டு பக்கம் நெருக்கியடித்து நிற்கிறார்கள், அது படத்தில் தெரியவே தெரியாது. ஒரே பட்டையில் பாதிக்கும் மேற்பட்டோர் அடங்கிவிட்டால், அந்தப் படத்திலிருந்து இடைநிலையை எண்ணாகச் சொல்லாதீர்கள். கோப்பு கிடைத்தால், அதை pandas-இல் df என்ற பெயரில் ஏற்றிக்கொண்டு, பட்டையைக் குறுக்கி மறுபடி வரையுங்கள்:

```python
df["Fare"].hist(bins=range(0, 525, 5))
```

எண் தெரியாவிட்டாலும் எதைத் தேர்வது என்று படமே சொல்லிவிடுகிறது. கோப்பைத் திறந்து பார்த்தாலும் அதேதான்: முக்கால்பங்கு எல்லை 31 பவுண்டு; சராசரி 32.2 அதையும் தாண்டி நிற்கிறது. முக்கால்வாசிப் பேர் சராசரியைவிடக் குறைவாகக் கட்டியிருக்கும்போது, அதைச் "சாதாரணப் பயணியின் கட்டணம்" என்று எப்படிச் சொல்வது? இங்கே இடைநிலைதான். பரவலுக்கும் திட்டவிலக்கம் வேண்டாம். அது 49.7 வருகிறது, சராசரியைவிடப் பெரிது. சராசரியிலிருந்து அதைக் கழித்தால் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும், கட்டணமோ அப்படிப் போக முடியாது.

ஒரு விலக்கு உண்டு. கேள்வி மொத்தத்தைப் பற்றியது என்றால் கோட்டம் எவ்வளவு இருந்தாலும் சராசரிதான். ஒரு கடையின் தினசரி விற்பனை வலப்பக்கம் எவ்வளவு நீண்டிருந்தாலும், மாத மொத்தம் வேண்டுமானால் சராசரியை நாட்களால் பெருக்க வேண்டும். இடைநிலையைப் பெருக்கினால் தீபாவளி வாரத்து விற்பனை கணக்கிலேயே வராது.

இரண்டு போட்டோக்களையும் வைத்து நான் எழுதும் விடை இப்படி இருக்கும். வயது: லேசான வலக்கோட்டம், இடைநிலை சுமார் 28, நடுப்பாதி 20 முதல் 38 வரை, சராசரியும் பொருந்தும். கட்டணம்: கடும் வலக்கோட்டம், இடைநிலையே பொருத்தம், அது முதல் பட்டைக்குள் 51 பவுண்டுக்குக் கீழே இருக்கிறது, துல்லியமாகச் சொல்ல இந்தப் படம் போதாது.