பேச்சைப் பிரித்து எழுதுவது: ஒரு சாக்குத் தேயிலை, மூன்று பேர்

கோத்தகிரியில் இருந்து கதை எழுதும் நண்பர்கள் சிலர் எனக்கு வாட்ஸப்பில் வரைவு அனுப்புவார்கள். கதை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நாலு பேர் பேசும் இடம் வந்தால் யார் பேசுகிறார்கள் என்று விரல் வைத்து மேலே போய் மறுபடி இறங்கி வர வேண்டியிருக்கும். நானும் முதல் கதையை அப்படித்தான் எழுதினேன். அதனால் ஒரு பத்தியை எடுத்துப் பிரித்துக் காட்டுகிறேன். பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தில் நடக்கும் பேச்சு இது, நானே எழுதியது. போஜன் சிறு விவசாயி, மாலா அவர் மகள், எதிரே ஏஜென்ட்.

> ஏஜென்ட் சாக்கைத் தராசில் மாட்டினார். "முப்பத்திரண்டு. ஈரத்துக்கு மூணு கழிச்சா இருபத்தொன்பது." என்றார். போஜன் முகம் சுருங்கியது. 'நேத்து ரெண்டுதானே கழிச்சீங்க' என்றார். “நேத்து மழை இல்லையே. இன்னைக்கு இலையைப் பிழிஞ்சா தண்ணி ஊத்துது" என்றார். மாலா சாக்குக்குள் கைவிட்டாள். "காலையிலதான் மழை. நாங்க பறிச்சது பத்து மணிக்கு மேல" என்று சொன்னாள். நோட்டைப் பார்த்தார். "சரி, ரெண்டரை போட்டுக்கறேன்." என்றார்.

எண்ணிப் பாருங்கள், நாலு "என்றார்". அவற்றில் மூன்று ஏஜென்டுடையது, ஒன்று போஜனுடையது. இருவருக்கும் மரியாதை விகுதி என்பதால் வினைச்சொல் உதவிக்கு வரவில்லை. நோட்டைப் பார்த்தது யார் என்பதும் ஊகம்தான். மாலாவுக்கு மட்டும் "சொன்னாள்" காப்பாற்றிவிட்டது.

படி 1: ஆள் மாறினால் பத்தி மாறட்டும்

புதியவர்கள் பேச்சு வரும்போதெல்லாம் எண்டர் தட்டிவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. நீங்கள் பார்க்க வேண்டியது ஆளை. ஒருவர் செய்வதும் அவரே பேசுவதும் ஒரே பத்தியில் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஏஜென்ட் பேசி முடித்த உடனே அதே பத்தியில் "மாலா சாக்குக்குள் கைவிட்டாள்" என்று எழுதினால், அதற்கு முன்னால் வந்த மேற்கோள் மாலாவுடையதோ என்று வாசகர் ஒரு நொடி தடுமாறுவார். மாலாவின் கையும் மாலாவின் வாயும் ஒரே பத்திக்குள் போகட்டும்.

படி 2: யார் என்பதைச் செயலால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்

செயல் பேச்சுக்கு முன்னால் வந்துவிட்டால் "என்றார்" தேவையில்லை. செயல் இல்லாத இடத்தில் மட்டும் போடுங்கள். அங்கே வெறும் "என்றார்" போதாது, "என்றார் ஏஜென்ட்" என்று பெயரோடு வேண்டும். நாலு முறை "என்றார்" வந்துவிட்டதே என்று பயந்து ஒருவரைக் கர்ஜிக்க வைத்து, இன்னொருவரைக் குமுற வைக்கிறவர்கள் உண்டு. "என்றார்" வாசகர் கண்ணில் படாமலே கடந்து போகும் சொல், கர்ஜனை அப்படிப் போகாது.

விளிச்சொல்லும் இந்த வேலையைச் செய்யும். மாலா "அண்ணே" என்றால் அவள் பேசுவது ஏஜென்டிடம், "அப்பா" என்றால் போஜனிடம். வீட்டில் படுகு பேசும் குடும்பம் கடையிலும் எடை போடும் இடத்திலும் தமிழுக்கு மாறுவதை இங்கே தினமும் கேட்கலாம். அதைக் காட்ட வேண்டுமென்றால் ஒரு வரியில் "படுகில் கேட்டாள்" என்று கதைசொல்லி சொன்னாலே போதும், குறியை மாற்றி விளையாட வேண்டாம்.

படி 3: குறியை ஒருமுறை முடிவு செய்யுங்கள்

பேச்சுக்கு இரட்டை மேற்கோள். மனதுக்குள் நினைப்பதற்கும் பேச்சுக்குள் வரும் பேச்சுக்கும் ஒற்றை. “‘ரெண்டு கிலோதான் கழிப்பேன்’னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?” என்பதில் ஒற்றைக்குறி முதலில் மூடிவிடுகிறது, "னு" அதற்கு வெளியே ஒட்டிக்கொள்கிறது.

அப்புறம் முற்றுப்புள்ளி. இதில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. தமிழில் "என்றார்" முன்னால் வரும் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் வாக்கியத்தை முடிக்கிறது, ஆகவே மேற்கோளுக்குள் புள்ளி வைத்துவிட்டு "என்றார்" எழுதினால் வாக்கியம் இரண்டு முறை முடிகிறது. நான் அந்த இடத்தில் ஒன்றும் போடுவதில்லை. சில பதிப்பாளர்கள் காற்புள்ளி வைப்பார்கள், அதுவும் சரியே, ஆனால் முதல் பக்கத்தில் வைத்தால் கடைசிப் பக்கம் வரை வையுங்கள். கேள்விக்குறியும் ஆச்சரியக்குறியும் மட்டும் உள்ளே அப்படியே நிற்கும். பின்னால் "என்றார்" வராத பேச்சு என்றால் முற்றுப்புள்ளி மேற்கோளுக்குள் வரும்.

மேலே உள்ள பத்தி இப்போது இப்படி ஆகிறது:

> ஏஜென்ட் சாக்கைத் தராசில் மாட்டினார். “முப்பத்திரண்டு. ஈரத்துக்கு மூணு கழிச்சா இருபத்தொன்பது.”
>
> போஜன் முகம் சுருங்கியது. “நேத்து ரெண்டுதானே கழிச்சீங்க?”
>
> “நேத்து மழை இல்லையே” என்றார் ஏஜென்ட். “இன்னைக்கு இலையைப் பிழிஞ்சா தண்ணி ஊத்துது.”
>
> மாலா சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி இலையை எடுத்தாள். “காலையிலதான் மழை. நாங்க பறிச்சது பத்து மணிக்கு மேல. பிழிஞ்சு காட்டுங்கண்ணே.”
>
> ஏஜென்ட் இலையைத் தொடவில்லை, நோட்டைப் பார்த்தார். “சரி, ரெண்டரை போட்டுக்கறேன்.”

ஒரே ஒரு "என்றார்" மிஞ்சியது. அதையும் பேச்சின் நடுவில் வைத்ததால் "மழை இல்லையே" என்றபின் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது. இன்னொன்றும் நடந்தது. பிரிக்கும்போதுதான் மாலா சும்மா கைவிட்டு என்ன செய்தாள் என்ற கேள்வி வந்தது, அதனால் இலையை எடுக்க வைத்தேன், ஏஜென்டும் அதைத் தொடாமல் விட்டார்.

படி 4: நீண்ட பேச்சு

போஜன் தன் அப்பா காலத்துத் தோட்டக் கதையை மூன்று பத்திக்குச் சொல்கிறார் என்று வையுங்கள். ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் திறக்கும் குறி வேண்டும், மூடும் குறி கடைசிப் பத்தியின் முடிவில் மட்டும். நடுவில் மூடிவிட்டால் அடுத்த பத்தியில் வேறு ஆள் பேசத் தொடங்கிவிட்டதாக வாசகர் நினைப்பார். இது பழக்கமில்லாத வாசகர் குழம்பலாம் என்று தோன்றினால் நடுவில் மாலாவை ஒரு கேள்வி கேட்க வையுங்கள், பிரச்சினையே வராது.

படி 5: கணினியில் சுத்தம் செய்வது

மேலே உள்ள பழைய பத்தியில் ஒரு இடத்தில் வளைந்த குறி, மற்ற இடங்களில் நேர்க்குறி இருந்ததைக் கவனித்தீர்களா? போனில் கொஞ்சம், கணினியில் கொஞ்சம் எழுதினால் இப்படித்தான் கலக்கும். Word-ல் File > Options > Proofing > AutoCorrect Options > AutoFormat As You Type போய் நேர்க்குறியை வளைந்த குறியாக்கும் தேர்வு டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் Ctrl+H. தேடும் பெட்டியில் நேர் இரட்டைக்குறி, மாற்றும் பெட்டியிலும் அதே குறி. Replace All கொடுத்தால் எல்லாம் வளைந்துவிடும். ஒற்றைக்குறிக்கும் இதையே செய்யுங்கள்.

போனிலிருந்து ஒட்டியதில் பத்திக்குப் பதிலாக வெறும் வரி முறிவு இருக்கலாம். பார்க்கப் பத்தி போல இருந்தாலும் முதல் வரி உள்தள்ளல் அதற்கு வேலை செய்யாது. அதற்கு:

```
Find what:     ^l
Replace with:  ^p
```

கோட்டுக்குப் பின்னால் மூடும் குறி சில சமயம் தலைகீழாக விழும், “இல்ல—“ என்பது போல. கோட்டுக்குப் பின் ஏதாவது ஓர் எழுத்தைத் தட்டி, குறியைப் போட்டுவிட்டு, அந்த எழுத்தை அழித்தால் சரியாக விழும். இதை மட்டும் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

ஓர் இடத்தில் நானே இதையெல்லாம் மீறுவேன். சாயங்காலம் ஊட்டிக்குப் போகும் பஸ்ஸில் நெருக்கியடித்து நிற்கும்போது, உள்ளே போங்க, சில்லறை இருக்கா, கட்டபெட்டு ஒண்ணு, ஜன்னலைச் சாத்துங்க குளிருது என்று எல்லாக் குரலும் ஒன்றாக வரும். அங்கே யார் சொன்னார் என்பது வாசகருக்கு வேண்டாம். மேற்கோளும் பத்தியும் இல்லாமல் ஒரே வாக்கியமாக ஓட விட்டுவிடுவேன், கண்டக்டர் போஜனைப் பார்த்து ஏதாவது கேட்கும் வரை.