கோலிஃபார்ம் கேள்வியில் மார்க் எங்கே போகிறது?

நீர், உணவு நுண்ணுயிரியல் தேர்வில், கோலிஃபார்ம் பாக்டீரியாக்களின் அளவை மதிப்பிடும் எம்.பி.என். சோதனையின் படிகளை மாணவர்கள் பெரும்பாலும் சரியாகவே எழுதிவிடுகிறார்கள். வந்த முடிவுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால்தான் தடுமாற்றம் வருகிறது. ஒரே கணக்கை வைத்துப் பார்ப்போம்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணறு. பக்கத்திலேயே மாடு கட்டும் கட்டுத்தரை. கிணற்றுத் தண்ணீரை 10 மில்லி வீதம் ஐந்து ட்யூப், 1 மில்லி வீதம் ஐந்து, 0.1 மில்லி வீதம் ஐந்து என மெக்கான்கி பிராத்தில் ஊற்றி 37 டிகிரியில் வைக்கிறோம். 48 மணி நேரத்தில் முறையே 5, 2, 0 ட்யூப்களில் அமிலமும், உள்ளே கவிழ்த்த டர்ஹாம் குழாயில் வாயுவும் தெரிகின்றன. அட்டவணையில் 5-2-0க்கு 49.

இந்த 49 என்பது 100 மில்லிக்கு. 'மில்லிக்கு 49' என்று எழுதினால் விடை நூறு மடங்கு மாறிவிடும். இது எண்ணிப் பார்த்த எண்ணிக்கையும் இல்லை, நிகழ்தகவை வைத்துச் சொல்லும் மதிப்பீடு. உண்மையான அளவு 20க்குக் கீழேயும் இருக்கலாம், 100க்கு மேலேயும் இருக்கலாம். கேள்வியில் 1, 0.1, 0.01 மில்லி எடுத்ததாகக் கொடுத்திருந்தால் அட்டவணை எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டும், 490. அப்புறம், 10 மில்லி தண்ணீர் சேர்க்கும் ட்யூப்களில் இரட்டைச் செறிவு பிராத் என்று தவறாமல் எழுதுங்கள். ஒற்றைச் செறிவில் ஊற்றினால் லாக்டோஸும் பித்த உப்பும் பாதியாக நீர்த்துப்போகும்.

பெரிய தவறு இதற்கு அடுத்துத்தான் நடக்கிறது. '49 வந்தது, ஆகவே தண்ணீரில் மலம் கலந்திருக்கிறது' என்று பலர் முடித்துவிடுகிறார்கள். இதுவரை நடந்தது அனுமானச் சோதனை மட்டுமே. அதை உறுதிப்படுத்த, வாயு வந்த ஏழு ட்யூப்களிலிருந்தும் பிரில்லியன்ட் கிரீன் பிராத்துக்கு மாற்றுகிறோம். அங்கே 4, 1, 0 மட்டும் வாயு தந்தால் அட்டவணையை மறுபடி பார்க்க வேண்டும். இப்போது 17. இதுதான் மொத்த கோலிஃபார்ம். ஆனால் இந்தக் கூட்டத்தில் மண்ணிலும் அழுகிய இலையிலும் வாழும் என்டரோபாக்டர், கிளெப்சியெல்லா எல்லாம் அடக்கம். மழைக்கு வரப்பிலிருந்து வழிந்த தண்ணீரே இந்த எண்ணைக் கொடுத்துவிடும். அடுத்து ஈ.சி. பிராத்துக்கு மாற்றி 44.5 டிகிரி நீர்த்தொட்டியில் 24 மணி நேரம் வைத்தபோது 3, 0, 0 என்று வந்தால், அந்தச் சூட்டைத் தாங்கும் கோலிஃபார்மின் எண் 8. அந்த ட்யூப்களிலிருந்து ஈ.எம்.பி. அகாரில் பச்சை உலோகப் பளபளப்புள்ள காலனிகள் வந்து, இண்டோலும் மெத்தில் ரெட்டும் பாசிட்டிவ், வோகஸ்-ப்ரோஸ்காவரும் சிட்ரேட்டும் நெகட்டிவ் என்றால்தான் ஈ.கோலை, மலக் கலப்பு என்று எழுதலாம்.

அப்போதும் 'கழிவறைத் தண்ணீர் கலந்திருக்கிறது' என்று எழுத முடியாது. மாட்டுக் குடலிலும் ஈ.கோலை உண்டு. கட்டுத்தரையா, கழிவறைக் குழியா என்று இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. குடிக்கலாமா என்பதில் மட்டும் சந்தேகமில்லை: ஐ.எஸ். 10500 தரப்படி குடிநீரில் 100 மில்லியில் ஈ.கோலை இருக்கவே கூடாது.

எண் பூஜ்யமாக இருந்தாலும் 'பாதுகாப்பானது' என்று எழுதிவிட வேண்டாம். குளோரினுக்கு ஈ.கோலை சீக்கிரம் சாகும், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி தாக்குப்பிடிக்கும். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், இந்த ஒட்டுண்ணி கலந்திருந்தும் அப்போதைய தரத்துக்குள் இருந்த சுத்திகரித்த குழாய்த் தண்ணீராலேயே லட்சக்கணக்கானவர்கள் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். பூஜ்யம் பொய்யாகவும் வரலாம். குழாய்த் தண்ணீர் எடுக்கும் பாட்டிலில் சோடியம் தயோசல்ஃபேட் போடாவிட்டால், மிச்சமிருக்கும் குளோரின் லேபுக்கு வரும் வழியிலேயே பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

உணவுக் கேள்வியில் இதே தர்க்கத்தை அப்படியே ஒட்டினால் சிக்கல். உழவர் சந்தையில் வாங்கிய பச்சைக் கீரையில் கோலிஃபார்ம் இருப்பது இயல்பு, அது மண்ணிலிருந்து வந்திருக்கலாம். அங்கே ஈ.கோலையைத்தான் தேட வேண்டும். பாஸ்டரைஸ் செய்த பாக்கெட் பாலில் நிலைமை வேறு. 72 டிகிரியில் 15 விநாடி சூட்டுக்கு கோலிஃபார்ம் தாங்காது. அதனால் அங்கே எந்த கோலிஃபார்ம் வந்தாலும், மலத்தோடு சம்பந்தம் இல்லாவிட்டாலும், அது குறைதான். 'பாலைச் சரியாகச் சுட வைக்கவில்லை' என்று உடனே எழுதிவிடாமல், பச்சைப் பாலில் இருந்து இந்தச் சூட்டில் செயலிழக்கும் பாஸ்ஃபடேஸ் நொதிக்கான சோதனை முடிவைப் பாருங்கள். பாசிட்டிவ் என்றால் சூடு போதவில்லை, அல்லது பச்சைப் பால் கலந்திருக்கிறது. நெகட்டிவாக இருந்து கோலிஃபார்ம் மட்டும் வந்தால், சூட்டுக்குப் பிறகு புகுந்தது: நிரப்பும் மெஷினின் முனை, குழாய் இணைப்பின் கேஸ்கட், சரியாகக் கழுவாத சேமிப்புத் தொட்டி என்று தேட வேண்டிய இடங்களை விடையிலேயே குறிப்பிடுங்கள்.