ஊழியர் கடன் விதிமுறை எழுதுவது எப்படி? ராஜினாமாவிலிருந்து தொடங்குங்கள்

கொழும்பில் சின்னக் கம்பனிகள் பலவற்றில் ஊழியர் கடன் வாய்வார்த்தையிலேயே நடக்கிறது. முதலாளி "சரி, குடுங்க" என்பார், காசாளர் ஒரு வவுச்சர் எழுதுவார், அடுத்த மாதத்திலிருந்து சம்பளத்தில் கழிப்பார்கள். ஆள் வேலையில் இருக்கும்வரை இதில் சிக்கல் வராது. ஒருநாள் அவர் ராஜினாமாக் கடிதத்தை நீட்டும்போதுதான், மிச்சக் காசை எதிலிருந்து எடுப்பது என்று கணக்குப் பகுதி தேட ஆரம்பிக்கும். அதனால் அந்தக் கடைசி மாதத்தை மனதில் வைத்துக்கொண்டே முதல் வரியிலிருந்து எழுதுவோம்.

படி 1: முற்பணத்தையும் கடனையும் பிரியுங்கள்

சம்பள முற்பணம் என்பது ஊழியர் ஏற்கெனவே உழைத்த காசை மாத முடிவுக்கு முன்பே கொடுப்பது. அது அதே மாதச் சம்பளத்தில் முழுதாகக் கழிந்துவிடும். கடன் என்பது இன்னும் உழைக்காத காசு. பல மாதங்களுக்குத் தவணையாக வரும், ஆபத்தும் அதில்தான். பண்டிகை முற்பணம் என்று தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் கொடுத்துப் பல மாதங்களில் கழிக்கிறோமே, பெயர் எதுவாக இருந்தாலும் அதுவும் கடன்தான். விதிமுறையில் அதைக் கடன் பகுதியில் சேருங்கள்.

முற்பணத்துக்கு ஒரு வரி போதும்: விண்ணப்பிக்கும் நாள்வரை உழைத்த சம்பளத்தில் பாதிக்கு மேல் இல்லை.

படி 2: யாருக்குக் கடன்?

வேலையில் நிரந்தரமாக்கப்பட்டு ஒரு வருடம் முடித்தவர், ராஜினாமாக் கடிதம் கொடுக்காதவர், பழைய கடனைக் கட்டி முடித்தவர். ஒப்பந்தத்தில் வேலை செய்பவரென்றால் கடைசித் தவணை ஒப்பந்தம் முடியும் மாதத்துக்கு முன் வரவேண்டும். இவ்வளவு போதும். பத்துப் பன்னிரண்டு நிபந்தனை போட்டால் அவற்றை யாரும் பார்ப்பதில்லை.

பிணையாளிகள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். ஒரே பிரிவில் இருக்கும் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பிணை நிற்பது வழக்கம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கட்டாருக்குப் போனால் உங்களிடம் இரண்டு கையெழுத்து மட்டும் இருக்கும். கடன் வாங்கியவரே இன்னொருவருக்குப் பிணை நிற்கக் கூடாது என்று எழுதிவிடுங்கள். அப்புறம், பிணையாளியின் சம்பளத்தில் கழிக்க அவருடைய சொந்த எழுத்துச் சம்மதம் வேண்டும். பிணைப் பத்திரத்திலேயே அதை வாங்கி வையுங்கள்.

படி 3: தவணையைக் கணக்கிடுவது

பெரும்பாலானோர் கடன் தொகையை மாதங்களால் பிரித்துத் தவணையை முடிவு செய்கிறார்கள். நான் மறுபக்கத்திலிருந்து வருவேன்: இந்த ஆளின் சம்பளம் மாதம் எவ்வளவு கழிவைத் தாங்கும்?

கடைகள், அலுவலகங்களுக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமும் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் சம்பளக் கழிவுக்கு வரம்பு வைத்திருக்கின்றன. அந்த வரம்பு வரைக்கும் போகாமல், எல்லாக் கழிவும் சேர்ந்து சம்பளத்தில் 40 வீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று கம்பனி தானே ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது.

ஓர் உதாரணம். புறக்கோட்டையில் ஒரு துணி மொத்த வியாபார நிறுவனத்தின் களஞ்சியப் பொறுப்பாளர், சம்பளம் 80,000 ரூபா. 40 வீதம் என்றால் 32,000. ஈபிஎஃப்க்கு அவருடைய பங்கு 8 வீதம், அதாவது 6,400. மிஞ்சுவது 25,600. கழிக்கக்கூடிய ஆகக்கூடிய தவணை இதுதான். அவர் கேட்பது வட்டியில்லாமல் 240,000 ரூபா, 12 மாதத்தில். தவணை 20,000. சரி, கொடுக்கலாம்.

இதே ஆள் ஏற்கெனவே பண்டிகை முற்பணத்துக்கு மாதம் 8,000 கட்டிக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். இடம் 17,600 ஆகச் சுருங்கிவிடும். அப்போது 15 மாதம், தவணை 16,000 என்று நீட்ட வேண்டும், அல்லது பண்டிகைக் கணக்கு முடியும்வரை பொறுக்கச் சொல்ல வேண்டும்.

இன்னொரு இடத்திலும் இது உதைக்கும். கடன் வாங்கிய அதே ஆள் 15ஆம் தேதி முற்பணம் கேட்டு வருகிறார். பாதி விதிப்படி 20,000 கிடைக்க வேண்டும். ஆனால் 40 வீதக் கோட்டில் ஈபிஎஃப்பும் தவணையும் போக மிச்சம் 5,600தான். எந்த விதி மேலே? கோடுதான் மேலே என்று விதிமுறையில் வெளிப்படையாக எழுதுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு மாதமும் காசாளரின் மேசையில் இதே வாக்குவாதம்தான்.

சம்பளமில்லா லீவு எடுத்த மாதத்தில் கோடும் சுருங்கும். கழிக்க முடியாத பகுதி கடைசித் தவணைக்குப் பின் போகட்டும்.

படி 4: சம்மதக் கடிதம்

எழுத்தில் சம்மதம் இல்லாமல் கடனைச் சம்பளத்தில் கழிக்கப் போகாதீர்கள். ஊழியர் வாசிக்கத் தெரிந்த மொழியில் அது இருக்கட்டும். ஆங்கிலப் படிவத்தில் வாசிக்காமல் போட்ட கையெழுத்து பிரச்சினை வரும்போது உதவாது. இப்படி எழுதலாம்:

"நான் பெற்ற 240,000 ரூபா கடனுக்காக, 20,000 ரூபா வீதம் 12 மாதங்கள் என் சம்பளத்திலிருந்து கழிக்கச் சம்மதிக்கிறேன். எக்காரணத்தாலும் நான் வேலையை விட்டு நீங்கினால், மிச்சத் தொகை முழுவதும் என் கடைசி வேலை நாளன்று செலுத்த வேண்டியதாகும். கடைசிச் சம்பளத்தில், கம்பனி விதிமுறையின் வரம்புக்குள், தவணையை விடக் கூடுதலாகக் கழிக்கவும் சம்மதிக்கிறேன்."

படி 5: ராஜினாமா வந்துவிட்டது

நம் களஞ்சியப் பொறுப்பாளர் ஐந்து தவணை கட்டியபின் ஒரு மாத அறிவித்தல் கொடுக்கிறார். கட்டியது 100,000, மிச்சம் 140,000. கடிதம் வந்த வாரமே மிச்சக் கணக்கை அச்சடித்து அவர் கையில் கொடுங்கள். கடைசி நாளில் கொடுத்தால் ஏற்பாடு செய்ய அவருக்கும் நேரம் இருக்காது.

கடைசிச் சம்பளம் 80,000. ஈபிஎஃப் 6,400, கடனுக்கு 25,600, கையில் 48,000. இன்னும் நிற்பது 114,400. முழுச் சம்பளத்தையும் பிடித்து வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். அது தொழில் திணைக்களத்தில் முறைப்பாடாகப் போய் நிற்கும், உங்கள் பக்க நியாயமும் அதோடு போய்விடும்.

ஈபிஎஃப் பணத்தில் கை வைக்க வழியே இல்லை. அது மத்திய வங்கியிடம் அவர் பெயரில் இருப்பது. அதை எடுப்பதற்கான தாள்களில் கையெழுத்திடாமல் இழுத்தடிப்பதும் தவறு.

பணிக்கொடையில்தான் பலருக்கும் கை துறுதுறுக்கும். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் என்று 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. நம் ஆள் ஆறு வருடம் முடித்திருந்தால் அது 240,000. மிச்சக் கடனைவிடக் கூடுதல். ஆனாலும் தொடாதீர்கள். மோசடி, பணக் கையாடல், நிறுவனத்தின் சொத்துக்கு இழப்பு போன்ற காரணங்களுக்காக வேலை நீக்கப்பட்டால்தான் அந்த இழப்பின் அளவுக்குப் பணிக்கொடையை நிறுத்தச் சட்டம் இடம் தருகிறது. கட்டாத கடன் அந்தப் பட்டியலில் இல்லை. 30 நாளுக்குள் தனிக் காசோலையாகக் கொடுத்துவிடுங்கள். கடனை அவர் தன் கணக்கிலிருந்து கட்டட்டும்.

114,400க்கு நான் விரும்பும் வழி, பழைய தவணையையே தொடர்வது. அந்த 20,000 இல்லாமல் குடும்பம் நடத்த அவர் ஏற்கெனவே பழகியவர். ஐந்து மாதம் 20,000, ஆறாவது மாதம் 14,400. புதிய வேலையின் சம்பளம் விழும் வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தானாக மாற்றும்படி அவர் தன் வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் பிரதி கைக்கு வந்தபிறகே இந்தச் சலுகையை உறுதிப்படுத்துங்கள். இரண்டு தவணை தவறினால் பிணையாளிக்கு எழுத்தில் அறிவியுங்கள். அவருடைய கழிவுக்கும் அதே 40 வீதக் கோடு உண்டு. அதிலும் வராவிட்டால் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம், பிறகு சிவில் வழக்கு.

கடைசி நாளன்று இறுதிக் கணக்குத் தாளில் சம்பளம், கழிவு, கடன் மிச்சம், புதிய தவணைத் தேதிகள் எல்லாம் இருக்கட்டும். இருவரும் கையொப்பமிட்டு ஒரு பிரதியை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.