ரயிலில் கேட்டுப் படிக்க: திருப்புதல் ஆடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி?

செங்கல்பட்டில் ஏறி பீச் ஸ்டேஷன் வரை மின்சார ரயிலில் போகிறவருக்கு ஒரு வழிக்கே ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகும். காலை நேரத்தில் தாம்பரம் தாண்டிவிட்டால் புத்தகத்தை விரிக்க இடம் கிடைக்காது. ஒரு கை கம்பியில், இன்னொரு கை பையில். காது மட்டும்தான் சும்மா இருக்கும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் படிக்கிறவர்களில் பலர், இந்த நேரத்தை விடக்கூடாது என்று தங்கள் குறிப்பேட்டை அப்படியே வாசித்து மொபைலில் பதிவு செய்கிறார்கள். கேட்க ஆரம்பித்தால் இரண்டு ஸ்டேஷனுக்குள் நினைப்பு எங்கோ போய்விடுகிறது.

குறிப்பேடு கண்ணுக்காக எழுதியது, அதனால்தான். கண்ணுக்குச் சந்தேகம் வந்தால் மேல் வரிக்குத் திரும்பிப் போகும். காதால் அது முடியாது. அதனால் காதுக்கென்று தனியாக எழுத வேண்டும். எப்படி என்பதை ஒரே ஒரு பாடத்தை வைத்துப் பார்ப்போம்: ஐந்து நீதிப்பேராணைகள். அரசியலமைப்பின் சட்டப்பிரிவு 32-ன் கீழ் உச்ச நீதிமன்றமும் 226-ன் கீழ் உயர் நீதிமன்றங்களும் பிறப்பிக்கும் ஆணைகள் இவை. ஐந்தும் ஒன்றோடொன்று குழம்பும், அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

படி 1: துண்டை முடிவு செய்யுங்கள்

புத்தகத்தில் ஒருமுறையாவது படித்துப் புரிந்துகொண்ட பகுதியை மட்டும் எடுங்கள். புதிய பாடத்தை ரயில் சத்தத்தில் முதல்முறையாகக் கேட்டுப் புரிந்துகொள்வது வீண் வேலை. கணக்கு, வரைபடம் இரண்டையும் இதில் சேர்க்க வேண்டாம்.

ஒரு ஃபைல் ஐந்து முதல் எட்டு நிமிடம் இருந்தால் போதும். அதற்கு மேல் நீண்டால், நடுவில் கூட்டம் தள்ளியோ போன் வந்தோ விட்டுப்போன இடத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. எவ்வளவு எழுதினால் எட்டு நிமிடம் வரும் என்று தெரிய, உங்கள் குறிப்பில் ஒரு பத்தியை நிதானமாக ஒரு நிமிடம் வாசித்துப் பார்த்துச் சொற்களை எண்ணிக்கொள்ளுங்கள். நமக்குச் சொற்கள் நீளம் என்பதால் எண்ணிக்கை நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாகவே வரும்.

படி 2: வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்

முக்கால்வாசி வேலை இந்தப் படியில்தான் இருக்கிறது. நம் பாடப்புத்தக நடையில் ஒரு வரையறை பொதுவாக இப்படி இருக்கும்:

"சட்டவிரோதமாகக் காவலில் வைக்கப்பட்டுள்ள ஒருவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்துமாறு, அவரைக் காவலில் வைத்திருக்கும் அதிகாரிக்கோ தனிநபருக்கோ நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணையே ஆட்கொணர் நீதிப்பேராணை எனப்படும்."

கண்ணால் படித்தால் இதில் ஒரு சிக்கலும் இல்லை. காதால் கேட்கும்போது, எதைப் பற்றிச் சொல்கிறார்கள் என்பதே கடைசிச் சொற்களில்தான் தெரிகிறது. அதுவரை வந்த விவரத்தை எல்லாம் மாட்டி வைக்க ஆணி இல்லாமல் மனம் தூக்கிக்கொண்டே நிற்கிறது. நடுவில் "அடுத்த நிலையம் குரோம்பேட்டை" என்று அறிவிப்பு வந்தால் எல்லாம் கொட்டிவிடும்.

அதனால் பெயரை முதலில் சொல்லுங்கள். அப்புறம் நடந்ததை, நடந்த வரிசையில், சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொல்லுங்கள்:

"ஆட்கொணர் நீதிப்பேராணை. ஹேபியஸ் கார்பஸ். ஒருவரைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவரைக் கொண்டுவந்து நிறுத்து என்று நீதிமன்றம் சொல்கிறது. யாரிடம் சொல்கிறது? பிடித்து வைத்தவரிடம். அவர் போலீஸாகவும் இருக்கலாம், தனி ஆளாகவும் இருக்கலாம். இதன் பெயர் ஆட்கொணர் நீதிப்பேராணை."

பெயர் முதலிலும் கடைசியிலும் வருகிறது, கவனித்தீர்களா? எழுத்தில் அது அலுப்பாகத் தெரியும். ரயிலில் முதல் தடவை சத்தத்தில் விழுங்கப்பட்டாலும் இரண்டாவது தடவை பிடித்துக்கொள்ளலாம்.

உங்கள் குறிப்பில் அடித்துவிட வேண்டிய சொற்கள் சில உண்டு. "மேற்கூறிய", "கீழ்க்கண்ட", "முன்னது", "பின்னது" எல்லாம் பக்கத்தைப் பார்த்தபடி இருப்பவருக்கான சொற்கள். இவற்றில் மிக மோசமானது "முறையே". 'தடையுறுத்தும் பேராணை, ஆவணக்கேட்புப் பேராணை ஆகியவை முறையே தீர்ப்புக்கு முன்னும் பின்னும் பிறப்பிக்கப்படுகின்றன' என்று கேட்டால், எது எதனோடு சேரும் என்று மனத்துக்குள் எண்ணிப் பொருத்த வேண்டியிருக்கும். இரண்டாக உடைத்துத் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள். பட்டியலும் அட்டவணையும் இப்படித்தான். ஒவ்வொரு கட்டமும் தனி வாக்கியமாக வேண்டும்.

படி 3: எண், சுருக்கம், அடைப்புக்குறி

எண்களை ஸ்கிரிப்டில் எழுத்தால் எழுதுங்கள். இருநூற்று இருபத்தாறு என்பது இரைச்சலில் "இருபத்தாறு" என்று மட்டும் காதில் விழலாம். சட்டப்பிரிவு 26-உம் தேர்வில் வரும் பிரிவுதான், அது சமய விவகாரங்களை நிர்வகிக்கும் உரிமை. அதனால் "இருநூற்று இருபத்தாறு. ரெண்டு, ரெண்டு, ஆறு" என்று இருமுறை சொல்லுங்கள்.

அடைப்புக்குறிக்குள் இருப்பதை வெளியே எடுத்துத் தனி வாக்கியமாக்குங்கள். "ச.பி." போன்ற உங்கள் சொந்தச் சுருக்கங்களை விரித்து எழுதுங்கள். மொபைலின் வாசிப்புக் குரலைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் இது இன்னும் முக்கியம். அது சுருக்கத்தை எழுத்து எழுத்தாக வாசித்துவிடும்.

படி 4: கேள்வி, இடைவெளி, விடை

விளக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால் "ஆமாம், இது எனக்குத் தெரியும்" என்ற நினைப்புதான் வளரும். தேர்வறையில் விடையை நீங்கள்தான் எடுக்க வேண்டும். அதனால் ஃபைலில் பாதிக்கு மேல் கேள்வியாக இருக்கட்டும். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் நான்கு நொடி மௌனம் விடுங்கள். எட்டு, பத்து நொடி விட்டால் ஆடியோ நின்றுவிட்டதோ என்று கை மொபைலைத் தேடும்.

கேள்விகளைப் பாடத்தின் வரிசையில் வைக்காதீர்கள். வரிசையிலேயே கேட்டால், மூன்றாவது கேள்விக்கு மூன்றாவது பேராணை என்று மனம் இடத்தை வைத்துப் பதில் சொல்லக் கற்றுக்கொள்ளும். அதோடு, குழம்பும் ஜோடியைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இந்தப் பாடத்தில் அந்த ஜோடி தடையுறுத்தும் பேராணையும் ஆவணக்கேட்புப் பேராணையும். இரண்டும் கீழ் நீதிமன்றத்துக்கும் தீர்ப்பாயத்துக்கும் போகின்றன, நேரம்தான் வேறு. எழுதிப் பார்ப்போம்:

```
கேள்வி. கீழ் நீதிமன்றம் ஒரு வழக்கை விசாரித்துக்கொண்டிருக்கிறது.
அதற்கு அந்த அதிகாரமே இல்லை.
இன்னும் தீர்ப்பு வரவில்லை. எந்தப் பேராணை?
(4 நொடி)
தடையுறுத்தும் நீதிப்பேராணை. புரொஹிபிஷன்.
தீர்ப்பு வரும் முன்னே நிறுத்துகிறது.

கேள்வி. அதே நீதிமன்றம். அதே வழக்கு.
ஆனால் தீர்ப்பு வந்துவிட்டது. இப்போது எது?
(4 நொடி)
ஆவணக்கேட்புப் பேராணை. செர்ஷியோரரி.
வந்த தீர்ப்பை ரத்து செய்கிறது.

கேள்வி. தகுதி இல்லாத ஒருவர் அரசுப் பதவியில் இருக்கிறார்.
எந்த உரிமையில் இருக்கிறீர்கள் என்று கேட்பது எது?
(4 நொடி)
தகுதி வினவும் நீதிப்பேராணை. கோ வாரண்டோ.
```

இரண்டாவது கேள்வியில் "அதே நீதிமன்றம், அதே வழக்கு" என்று சொன்னதால் மாறிய ஒரே விஷயம் மட்டும் காதில் உறைக்கிறது. ஒவ்வொரு விடைக்குப் பின்னும் காரணம் ஒரு வரிக்கு மேல் போகாமல் பாருங்கள். நிலுவையில் உள்ள வழக்கைத் தன்னிடம் மாற்றிக்கொள்ளவும் ஆவணக்கேட்புப் பேராணை பயன்படும் என்ற கூடுதல் செய்தியை இங்கே நுழைத்தால், முன், பின் என்ற பிடி நழுவிவிடும். அது அடுத்த ஃபைலில் தனிக் கேள்வியாக வரட்டும். உன் கடமையைச் செய் என்று அதிகாரிக்கு உத்தரவிடும் கட்டளையுறுத்தும் பேராணையைக் குடியரசுத் தலைவர், ஆளுநர் மீது பிறப்பிக்க முடியாது. தகுதி வினவும் பேராணையைப் பாதிக்கப்பட்டவர்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. இப்படிப்பட்ட நுணுக்கங்களும் அங்கேதான்.

"பொருத்துக" மாதிரிக் கேள்விகளைக் காதுக்குக் கொண்டுவர முயல வேண்டாம். நான்கு ஜோடியும் நான்கு தனிக் கேள்வி ஆகட்டும்.

படி 5: பதிவு செய்யும் முன்

ஸ்கிரிப்டைப் புத்தகத்தோடு ஒருமுறை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் தவறான சட்டப்பிரிவு எண் ஒன்று உள்ளே போய்விட்டால், தினமும் உங்கள் குரலிலேயே அதைக் கேட்டு மனப்பாடம் செய்வீர்கள்.

அப்புறம் வாய்விட்டு வாசியுங்கள். எந்த வாக்கியத்தில் மூச்சு முட்டுகிறதோ அதை இரண்டாக்குங்கள்.

படி 6: பதிவு

மொபைலில் இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டரே போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மொபைலை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். இடைவெளி வரும் இடத்தில் மனத்துக்குள் நான்கு எண்ணுங்கள். பின்னணி இசை வேண்டாம். வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் குரலை இறக்கிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. "முடியாது" என்பதில் அந்த "யாது" கேட்காமல் போனால் பொருளே தலைகீழாகிவிடும். கடைசிச் சொல்லை அழுத்திச் சொல்லுங்கள்.

ஃபைலின் முதல் வரியாகத் தலைப்பைப் பேசிவிடுங்கள்: "அரசியலமைப்பு, மூன்று, நீதிப்பேராணைகள்." திரையைப் பார்க்காமலே எந்த ஃபைல் ஓடுகிறது என்று தெரியும். ஃபைல் பெயரில் எண்ணை இரண்டு இலக்கமாக வையுங்கள்:

```
03_writs.m4a
04_writs_nunukkam.m4a
```

வெறும் 3, 4 என்று வைத்தால் சில பிளேயர்களில் 10 என்பது 2-க்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

படி 7: ரயிலில் சோதனை

வீட்டில் கேட்டுப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு காதில் மட்டும் இயர்போன் போட்டு, ஓடும் ரயிலில் கேளுங்கள். இறங்க வேண்டிய ஸ்டேஷன் அறிவிப்பும், பின்னால் இருந்து "வழி விடுங்க" என்பதும் இன்னொரு காதுக்கு வேண்டும். சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்தால்தான் புரிகிறது என்றால் குறை பதிவில் இருக்கிறது. மொபைலை இன்னும் பக்கத்தில் வைத்து மறுபடி பேசுங்கள்.

நான்கு நொடிக்குள் விடை வராத கேள்வியை மொபைலில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒரே கேள்வி மாட்டினால், கேள்வியின் சொற்களை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் கேள்வியில் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கேட்டிருப்பீர்கள். மாறாக, கேள்வி முடியும் முன்பே விடை வாயில் வந்துவிடுகிறது என்றால், பாடம் தெரிந்து வருகிறதா, இல்லை உங்கள் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கேள்விகளை வேறு வரிசையில், வீட்டில் வேறு ஒருவரை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து கேளுங்கள். தடுமாறினால் அந்தக் கேள்வி இன்னும் ஃபைலில் இருக்க வேண்டும், தடுமாறாவிட்டால் எடுத்துவிட்டு அந்த இடத்தில் நுணுக்கக் கேள்வி ஒன்றைப் போடுங்கள்.