ஆறாவது போல்ட் இறங்காத பிளேட்: செயின், பேஸ்லைன் அளவுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

240 மி.மீ. நீளமுள்ள ஒரு பிளேட்டை எடுத்துக்கொள்வோம். ஒரே வரிசையில் ஆறு துளைகள். இடது ஓரத்திலிருந்து 20 மி.மீ. தள்ளி முதல் துளை, அங்கிருந்து 40 மி.மீ. பிட்ச்சில் மற்ற ஐந்தும். இது உட்காரும் பிளாக்கில் அதே பிட்ச்சில் எம்6 டேப் போட்ட துளைகள். பிளேட்டில் துளை 6.6 மி.மீ.; எம்6 போல்ட்டுக்கு வழக்கமாக விடும் கிளியரன்ஸ்தான்.

டிராயிங்கில் 20, 40, 40, 40, 40, 40 என்று ஒன்றை அடுத்து ஒன்றாக அளவு போட்டு, ஒவ்வொன்றுக்கும் ±0.1 கொடுத்திருக்கிறார்கள். இதுதான் செயின் முறை. பிளாக்கின் டிராயிங்கும் அப்படியே. பிளேட் வந்தது, ஒவ்வொரு பிட்ச்சும் 40.08. பிளாக் வந்தது, ஒவ்வொரு பிட்ச்சும் 39.93. தரப் பரிசோதனையில் இரண்டுமே பாஸ். அசெம்பிளியில் முதல் நான்கு போல்ட்டும் இறங்கின, ஐந்தாவது பிடித்தது, ஆறாவது இறங்கவே இல்லை.

கணக்கைப் பாருங்கள். முதல் துளையிலிருந்து ஆறாவது துளை பிளேட்டில் 200.40, பிளாக்கில் 199.65. வித்தியாசம் 0.75. கிளியரன்ஸ் 0.6 என்பதால், முதல் போல்ட்டை ஒரு பக்கமும் கடைசி போல்ட்டை எதிர்ப்பக்கமும் ஒதுக்கினாலும் 0.6 வரைதான் சமாளிக்கும். ஐந்தாவது துளையில் வித்தியாசம் சரியாக 0.60 என்பதால்தான் அது பிடித்தது. துளை போட்டவர் மீதும் அளந்தவர் மீதும் தவறில்லை. டிராயிங் அனுமதித்ததைத்தான் அவர்கள் செய்தார்கள்.

“பிளஸ்ஸும் மைனஸும் கழிந்துவிடும்” என்ற நம்பிக்கை

செயின் முறையில் கடைசித் துளைக்கு வரும் டாலரன்ஸ், நடுவில் உள்ள எல்லா அளவுகளின் டாலரன்ஸையும் கூட்டியது. நம் பிளேட்டில் ஓரத்திலிருந்து ஆறாவது துளை 220 ±0.6. நடைமுறையில் இவ்வளவு வராது, ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்து சரியாகிவிடும் என்று பலர் வாதிடுவார்கள். ஒவ்வொரு பிழையும் தனித்தனியாக, தற்செயலாக வந்தால் அது ஓரளவு உண்மை. பட்டறையில் அப்படி வருவது குறைவு. டிவைடரை 40.08-க்கு வைத்துவிட்டு ஒரு சென்டரிலிருந்து அடுத்ததற்கு நடந்தால், அதே 0.08 அதே திசையில் ஐந்து முறை கூடும். ஸ்டாப் வைத்து பிளேட்டை நகர்த்தி நகர்த்தித் துளையிடும் ஜிக்கிலும் இதே கதைதான்.

இதை அடையாளம் காண்பதும் எளிது. போல்ட்டுகள் போகப் போக இறுகினால், ஒவ்வொரு துளையிலும் பிழை ஒரே பக்கம் வளர்ந்திருந்தால், அது டாலரன்ஸ் சேர்ந்த கோளாறு. நடுவில் ஒரு துளை மட்டும் விலகி, அடுத்தது மீண்டும் சரியாக இருந்தால், டிரில் வழுக்கியதையோ பஞ்ச் தப்பியதையோ சந்தேகிக்க வேண்டும்.

பேஸ்லைனுக்கு மாறினால் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பது

பேஸ்லைன் முறையில் எல்லா அளவும் இடது ஓரத்திலிருந்தே தொடங்கும்: 20, 60, 100, 140, 180, 220. ஒவ்வொன்றுக்கும் ±0.1. இப்போது ஆறாவது துளை எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் ஓரத்திலிருந்து ±0.1-க்குள் நிற்கும். முதல் துளைக்கும் ஆறாவதற்கும் நடுவே 200 ±0.2. பிளாக்கிலும் முறையை மாற்றினால், மிக மோசமான ஜோடியில்கூட வித்தியாசம் 0.4. கிளியரன்ஸ் 0.6 இருப்பதால் ஆறு போல்ட்டும் இறங்கும்.

ஆனால் அடுத்தடுத்த இரண்டு துளைகளுக்கு நடுவே என்ன நடந்தது? செயினில் 40 ±0.1 ஆக இருந்தது, இப்போது 40 ±0.2. பேஸ்லைன் டாலரன்ஸ் சேர்வதை முழுதாக ஒழிப்பதில்லை, எந்த இரண்டு துளைக்கும் இரண்டு அளவின் கூட்டலோடு நிறுத்துகிறது. கிளியரன்ஸ் துளைகளுக்கு இது போதும். அதே பிளேட்டில் ஒரு பேரிங் ஹவுசிங்குக்காக இரண்டு டவல் பின் துளைகள் இருந்து, நடுவே 40 ±0.03 தேவைப்பட்டால் போதாது. பேஸ்லைனிலேயே அதைச் சாதிக்க, இரண்டையும் ஓரத்திலிருந்து ±0.015-க்குள் பிடிக்க வேண்டும். ஹவுசிங்குக்கு அந்த ஓரத்தைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாதபோது, அதற்குக் காசு செலவழிப்பது வீண். முதல் டவலை ஓரத்திலிருந்து ±0.1-ல் வையுங்கள், இரண்டாவதை முதல் டவலிலிருந்து நேரடியாக 40 ±0.03 என்று கொடுங்கள். ஒரே டிராயிங்கில் இரண்டு முறையும் கலந்து வருவதுதான் பெரும்பாலும் சரியான விடை. எந்த இரண்டு இடங்களின் உறவு அசெம்பிளிக்கு முக்கியமோ, அந்த இரண்டுக்கும் நடுவே ஒரே அளவாகப் போட வேண்டும்.

டாலரன்ஸ் எழுதாமல் பொது டாலரன்ஸுக்கு விட்டுவிடுவது

இது அதிகம் கவனிக்கப்படாத பொறி என்பேன். டைட்டில் பிளாக்கில் ஐஎஸ்ஓ 2768 ‘எம்’ வகுப்பு என்று எழுதிவிட்டு, துளைகளுக்குத் தனி டாலரன்ஸ் கொடுக்காமல் விடுவார்கள். அந்த அட்டவணையில் அளவு பெரிதாக ஆக டாலரன்ஸும் பெரிதாகும்: 6-க்கு மேல் 30 வரை ±0.2, 120 வரை ±0.3, 400 வரை ±0.5. நம் பிளேட்டில் பேஸ்லைன் அளவுகளான 180-க்கும் 220-க்கும் தலா ±0.5 கிடைக்கிறது. அந்த இரண்டு துளைகளுக்கும் நடுவே 40 ±1.0 ஆகிவிடும். செயினில் போட்டிருந்தால் அதே இடைவெளி 40 ±0.3 தான். டாலரன்ஸ் சேரக்கூடாது என்று பேஸ்லைனுக்கு மாறியவர், பக்கத்துத் துளைகளை இன்னும் தளர்த்திவிட்டார். பேஸ்லைன் போட்டால் துளை அளவுகளுக்குத் தனி டாலரன்ஸ் கட்டாயம் எழுதுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக் கவனியுங்கள். செயினில் எல்லா இடைவெளியையும் கடைசி 20-ஐயும் போட்டுவிட்டு, மேலே மொத்த நீளம் 240-க்கும் டாலரன்ஸ் கொடுத்தால் இரண்டும் மோதும். கடைசி 20-ஐ நீக்குங்கள், அல்லது அடைப்புக்குறிக்குள் குறிப்பு அளவாக (20) என்று போடுங்கள்.

எந்த ஓரம்?

கேஸ் கட்டிங் செய்த ஓரத்திலிருந்து ±0.1 என்று எழுதுவதில் பொருளில்லை. ஹைட் கேஜ் வைத்து அளக்க, மில்லிங் செய்த நேரான முகம் வேண்டும். ஓரம் அசெம்பிளியில் எதையும் தொடாது என்றால், முதல் துளையையே டேட்டமாக வைத்து மற்ற ஐந்தையும் அதிலிருந்து போடலாம். அப்போது முதலுக்கும் ஆறாவதற்கும் நடுவே நேரடியாக 200 ±0.1 கிடைக்கும். அகலவாக்கிலும் இதே கேள்வியைத் தனியாகக் கேட்க வேண்டும்.

விஎம்சியில் போட்டால் கவலையில்லையா?

மெஷின் G90-ல் ஒரே பூஜ்யப் புள்ளியிலிருந்துதான் ஓடும், அதனால் டிராயிங் எப்படி இருந்தால் என்ன என்று கேட்பதுண்டு. அந்த மெஷினில் பிட்ச் பிழை சேராது என்பது உண்மை. ஆனால் அடுத்த லாட் வேறு பட்டறையில் டிவைடரிலும் ஜிக்கிலும் செய்யப்படலாம், செயின் டிராயிங் அதையும் பாஸ் செய்துவிடும். இன்னொரு பக்கம், செயின் டிராயிங்கை புரோகிராமுக்காக 60, 100, 140 என்று மாற்றி எழுதும்போது ±0.1-ஐயும் அப்படியே தூக்கிப் போடுவார்கள். வாடிக்கையாளர் கேட்டது பிட்ச் 40 ±0.1. அதை உறுதியாகக் காப்பாற்ற, பூஜ்யத்திலிருந்து ஒவ்வொரு துளையும் ±0.05-க்குள் இருக்க வேண்டும். புராசஸ் ஷீட்டில் எழுத வேண்டியது அந்த ±0.05.