பெருமை தெரியணும், பீற்றல் கூடாது: பள்ளி விளையாட்டு அணிக்குப் பாட்டு எழுதும் முறை

எங்கள் பள்ளி வாலிபால் அணிக்கு ஒரு பாட்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். எழுதி, பிள்ளைகளும் பாடத் தொடங்கிய பிறகு, வேறு சில ஆசிரியர்கள் "எப்படி எழுதுவது, வழி சொல்லுங்கள்" என்றார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. எதுகை, மோனை என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போகிறேன்.

முதலில் தாளம், பிறகு சொல்

பலர் பாடி நடக்க வேண்டிய பாட்டு என்பதால், எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் போதும். ஒரு வரிக்கு நான்கு சீர், ஒவ்வொரு சீரிலும் இரண்டு அசை, ஒவ்வொரு அசைக்கும் ஒரு எண்ணிக்கை. அப்போது ஒரு வரி சரியாக எட்டில் உட்காரும். நேரசை அந்த எண்ணிக்கை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். நிரையசை என்றால் இரண்டு எழுத்தும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும். மூவசைச் சீர் ஒன்று நடுவில் நுழைந்தால் அந்த இடத்தில் கூட்டம் கட்டாயம் அவசரப்படும். "குலுக்குவோம்" என்பதை இரண்டு எண்ணிக்கைக்குள் முப்பது பேரைப் பாடச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

வேகம் நிமிடத்துக்கு 104 தட்டு. கைபேசியில் இருக்கும் எந்த மெட்ரோனோமும் சரிதான். இந்த வேகத்தில் ஒரு வரிக்கு ஐந்து நொடிக்கும் குறைவாகத்தான் ஆகும். இரண்டு வரிப் பல்லவியை இருமுறை பாடி, நான்கு வரிச் சரணம் பாடி, மறுபடி பல்லவிக்கு வந்தால் மொத்தம் பத்து வரி, 46 நொடி. ஆட்டத்துக்கு முன் பாட இதற்கு மேல் வேண்டாம்.

பீற்றல் எங்கே ஒளிந்திருக்கிறது

நான் அதிக நேரம் நின்ற இடம் இது. பிள்ளைகளே எழுதிக்கொண்டு வந்த முதல் வரிகள் இவை:

வெல்வோம் வெல்வோம் எங்கும் வெல்வோம்
எதிரே நின்றால் எரித்தே செல்வோம்
நிகரே இல்லை நமக்கிங் கெவரும்
நடுங்கிப் போகும் நாடும் நகரும்

தாளத்தில் ஒரு குறையும் இல்லை. சீர் எண்ணிப் பாருங்கள், கச்சிதமாக இருக்கும். எதிரே–எரித்தே, நடுங்கி–நாடும் என்று மோனையும் விழுந்திருக்கிறது. ஆனால் அணி முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டால் இந்தப் பாட்டை அன்று மாலை பாட முடியாது. பெருமைக்கும் பீற்றலுக்கும் நான் வைக்கும் சோதனை அதுதான்: தோற்ற நாளிலும் ஒரு சொல்லை மாற்றாமல் பாட வருமா?

இந்தச் சோதனையோடு வரிவரியாகப் போனால் ஒன்று புலப்படும். "வெல்வோம்" என்பது நம் கையில் இல்லாத ஒன்றுக்கு நாம் கொடுக்கும் வாக்கு. எதிரணி, அன்றைய உடம்பு, நடுவரின் கண் எல்லாம் சேர்ந்து முடிவு செய்வது அது. "நிகரே இல்லை" என்பது மற்றவர்களைக் குறைத்து நம்மை உயர்த்தும் ஒப்பீடு. "நடுங்கிப் போகும்" என்பது அடுத்தவர் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று நாம் சொல்வது. இந்த மூன்று வகையும் எங்கே வந்தாலும் அடித்துவிடுகிறேன். மிஞ்ச வேண்டியது நம் கையும் காலும் நிச்சயம் செய்யக்கூடிய செயல் மட்டும்.

சரி, அந்தச் செயல்களை எங்கே தேடுவது? பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பயிற்சியைப் போய்ப் பார்க்க வேண்டும். பந்து தரையைத் தொடுவதற்குள் ஒரு பெண் முழு நீளத்துக்குப் பாய்ந்தாள். பந்து எழும்பவில்லை, புள்ளி போய்விட்டது. ஆனால் அவள் எழுந்திருப்பதற்குள் இரண்டு பேர் கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஆட்டம் முடிந்ததும் இரு அணியும் வலைக்கு வந்து, வலைக்கு அடியில் கைகொடுத்தார்கள். சரணத்துக்கு வேண்டியது எல்லாம் அங்கேயே இருந்தது:

பந்து தரையைத் தொடுமுன் பாய்வோம்
விழுந்த தோழர் கையைப் பிடிப்போம்
ஆறு பேராய் அரங்கில் நிற்போம்
வலையின் அடியில் கைகள் இணைப்போம்

பாய்வது நம் கையில் இருக்கிறது. பந்து எழும்புவது இல்லை. அதனால் வரி பாய்வதோடு நின்றுவிடுகிறது. கடைசி வரியில் இன்னொரு வசதி: "இணைப்போம்" என்ற வினை நாங்களுக்கும் பொருந்தும், நாமுக்கும் பொருந்தும். எதிரே நிற்கிற அணியும் அந்த வரிக்குள் தானாக வந்துவிடுகிறது. வெளிப்படையாக "நாங்கள்" என்று எழுதியிருந்தால் அவர்கள் வெளியே நின்றிருப்பார்கள்.

இரண்டாம் வரிக்கு "நொந்த தோழர்" என்று ஒருவர் யோசனை சொன்னார். பந்து–நொந்த, எதுகை அழகாக விழும், உண்மைதான். ஆனால் "விழுந்த" என்றால் தரையில் கிடக்கும் ஆள் கண்ணில் தெரிகிறார்; "நொந்த" என்றால் யாருக்கு என்ன ஆனது என்றே தெரிவதில்லை. எதுகையை விட்டுக்கொடுத்தேன். கூட்டமாகப் பாடும் பாட்டில் வரி இறுதியில் ஒரே ஓசை வந்தால் போதும், நினைவில் நின்றுவிடும்.

அப்புறம் மூன்றாம் வரி. குழுவில் பன்னிரண்டு பேர், களத்தில் ஆறு பேர். "ஆறு பேராய்" என்று பாடும்போது பெஞ்சில் இருக்கும் மற்ற ஆறு பேர் எதைப் பாடுவது? அது இப்படி மாறியது:

ஆடும் அறுவர் பின்னால் நிற்போம்

இப்போது பெஞ்சில் இருப்பவரும் பாடலாம், பார்க்க வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளையும் பாடலாம். கபடி அணி என்றால் "அறுவர்" இருக்கும் இடத்தில் "எழுவர்" போடுங்கள், அசை மாறாது. கால்பந்துக்குப் "பதினொருவர்" இரண்டு அசைக்குள் அடங்காது. அங்கே "ஆடும் தோழர்" என்றே வைத்துவிடலாம்.

பல்லவி

சரணம் முழுக்க -ஓம் என்று முடிவதால் பல்லவியும் அப்படியே முடிந்தால் சலித்துவிடும். அதோடு, வரிக்கு வரி எதிர்காலமே வந்தால் பாட்டு சபதம் எடுப்பது போல ஆகிவிடுகிறது. பல்லவியில் வினைமுற்றே இல்லாமல், கண் முன்னால் இருக்கும் ஒரு பொருளை மட்டும் வைத்தேன்:

நீலச் சட்டை எங்கள் தோளில்
காலைப் பயிற்சி வேர்வை அதிலே

நீல–காலை எதுகை இங்கே வலிய வராமல் இயல்பாகவே கிடைத்தது. கோப்பையைப் பற்றி ஒரு சொல் இல்லை, வேர்வை இருக்கிறது. அதை யாரும் மறுக்க முடியாது, தோற்ற நாளிலும் அது உண்மை. "அதிலே" என்று நெடிலில் முடிவதால் கடைசி எண்ணிக்கையைக் கூட்டம் விருப்பம்போல இழுக்கலாம். மெய்யெழுத்தில் முடிந்தால் இழுக்கும்போது ஓசை வாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

மெட்டு

என் ஓட்டு மோகன ராகத்துக்குத்தான். ஐந்தே ஸ்வரம், அடுத்தடுத்து நெருக்கமான ஸ்வரங்கள் இல்லை என்பதால் பாட்டுப் பயிற்சி இல்லாத பிள்ளைகள்கூட அபஸ்வரம் இல்லாமல் பாடுகிறார்கள். பேண்டு வாத்தியத்திலும் சிரமமில்லாமல் வரும். பல்லவியின் முதல் வரியை இப்படி அமைத்தேன், ஒரு அசைக்கு ஒரு ஸ்வரம்:

```
நீ  லச்  சட்  டை  | எங்  கள்  தோ  ளில்
ஸ   ஸ    ரி   க   | ரி   ரி   ப    க
```

வரியின் உச்சி "தோ"வில் இருக்கிறது. "எங்" என்பதில் உச்சியை வைத்துப் பாடிப் பாருங்கள், அதே சொற்கள் "எங்கள்! எங்கள்!" என்று மார்தட்டத் தொடங்கும். சொல்லில் இல்லாத பீற்றல் மெட்டு வழியாக உள்ளே வருவது இப்படித்தான். சரணத்திலும் உச்ச ஸ்வரம் "பாய்வோம்" என்பதன் "பா"வுக்கு. ஆ, ஓ போன்ற திறந்த நெடில்கள் உயரத்தில் நன்றாக ஒலிக்கும். இகரம், ஈகாரம் கீச்சிடும். கடைசி வரி மெல்ல இறங்கி ஸட்ஜத்தில் முடியட்டும். கைகொடுக்கும் வரியைக் கத்திப் பாடினால் பொருந்தாது.

சுருதி இரண்டு கட்டை. மந்தர பஞ்சமத்துக்குக் கீழேயும் மத்திய பஞ்சமத்துக்கு மேலேயும் போக வேண்டாம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடையும் பருவம். மெட்டு மேல் ஸட்ஜத்தைத் தொட்டால் அவர்கள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பார்கள்.

ஒத்திகைக்கு முன் ஒரு சோதனை

பாட்டை முன்பு கேட்டிராத ஏழெட்டுப் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து, மெட்டு இல்லாமல் கைதட்டி வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே தட்டு தவறுகிறதோ, அந்தச் சீரை மாற்றுங்கள். பிள்ளைகளைத் திருத்த வேண்டாம். பழைய வரியில் "நமக்கிங் கெவரும்" என்று வகையுளியாகப் பிரிந்த இடத்தில் எல்லோரும் தடுக்கினார்கள். சீர் எங்கே பிரிகிறதோ அங்கேயே சொல்லும் பிரிந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பின்சேர்க்கை 1: பள்ளியின் பெயர் பாட்டில் இருந்தே ஆக வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்கிறார், பெயரோ மிக நீளம் என்று ஒருவர் கருத்தில் கேட்டிருந்தார். வரிக்குள் திணிக்காதீர்கள். பல்லவி முடிந்ததும் எட்டு எண்ணிக்கையை வெறுமையாக விட்டு, ஒருவர் பெயரைச் சொல்ல, மற்றவர்கள் மூன்று முறை கைதட்டட்டும். பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதற்குள் அடங்கும். பேச்சாகச் சொல்வதால் அசைக் கணக்கும் தேவையில்லை.

பின்சேர்க்கை 2: அணி போன ஆண்டு வாங்கிய கோப்பையைப் பாடலாமா என்று இன்னொருவர் கேட்டார். நடந்தது நடந்தது, அதைச் சொல்வது பீற்றல் ஆகாது. ஆனால் அதை வாங்கிய பிள்ளைகள் படித்து முடித்துப் போன பிறகு, புதிதாகச் சேர்ந்தவர்கள் தாங்கள் வெல்லாத கோப்பையைப் பாடிக்கொண்டிருப்பார்கள். கோப்பை அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும், பாட்டில் ஆண்டு எண் வேண்டாம்.

பின்சேர்க்கை 3: பாட்டை ஒலிப்பதிவு செய்த பிறகுதான் சுருதி கூடிப்போனது தெரிந்தது, மறுபடி எல்லோரையும் கூட்ட வேண்டுமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் பதிவைத் திறந்து, முழுவதையும் தேர்வு செய்து, `Change Pitch` வழியாக ஒரு அரைக்கட்டை இறக்குங்கள். வேகம் மாறாது. இரண்டு அரைக்கட்டைக்கு மேல் இறக்கினால் பிள்ளைகளின் குரல் பெரியவர்கள் குரல்போலக் கனத்துவிடும். அவ்வளவு இறக்க வேண்டியிருந்தால் அப்போது மறுபதிவுதான் வழி.